பத்துக் கோடிக் கட்டளையும் துறைமுகத்தால் வெளியேறும் பணமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் நடந்த ஒரு சிறிய கருத்தரங்கில், ஏற்றுமதிக் கட்டளை ஒன்று நாட்டின் மொத்த உற்பத்தியை எத்தனை மடங்கு கூட்டும் என்பதை ஓர் உள்ளீட்டு–வெளியீட்டு அட்டவணையை வைத்துக் கணித்துக் காட்டினேன். விடை ஏறத்தாழ நான்கு மடங்கு என்று வந்தது. பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர் எழுந்து, “தம்பி, உங்கள் கணக்கின்படி ஒரு ரூபாக் கட்டளையில் ஒரு ரூபாவும் நாட்டுக்குள்ளேயே வருமானமாக நின்றுவிடுகிறது. அப்படியானால் துறைமுகத்தில் இத்தனை கொள்கலன்கள் எதற்கு இறங்குகின்றன?” என்று கேட்டார். தாயத்தின் நேர்மாறை நான் பிழையில்லாமல் கண்டிருந்தேன். தாயத்துக்குள் எதை இட்டேன் என்பதில்தான் பிழை இருந்தது. அந்தப் பிழையையும் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும், கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கணக்கைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். எண்கள் யாவும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. இலங்கையின் உண்மைப் புள்ளிவிபரங்கள் அல்ல. (தமிழ்நாட்டில் ‘அணி’ எனப்படுவதையே நமது பாடநூல்கள் ‘தாயம்’ என்கின்றன. நிரை என்பது கிடையாகவும் நிரல் என்பது நிலைக்குத்தாகவும் செல்வது.)

ஒரு பொருளாதாரத்தில் கைத்தொழில், சேவை என்னும் இரண்டே துறைகள் இருப்பதாகக் கொள்வோம். ஆடைத் தொழிற்சாலை, சீமெந்து, உணவு பதனிடல் போன்றவை கைத்தொழிலில் அடங்கும். மின்சாரம், போக்குவரத்து, வணிகம், வங்கி போன்றவை சேவையில் அடங்கும். ஓராண்டில் யார் யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதைக் கீழுள்ள அட்டவணை கோடி ரூபாவில் காட்டுகிறது.

| | கைத்தொழில் வாங்கியது | சேவை வாங்கியது | இறுதிக் கேள்வி | மொத்த உற்பத்தி |
|---|---|---|---|---|
| கைத்தொழில் விற்றது | 80 | 120 | 200 | 400 |
| சேவை விற்றது | 120 | 180 | 300 | 600 |
| இறக்குமதி உள்ளீடு | 120 | 60 | | |
| கூட்டிய பெறுமதி | 80 | 240 | | |
| மொத்தம் | 400 | 600 | | |

ஒரு நிரையைக் கிடையாக வாசித்தால் அந்தத் துறையின் உற்பத்தி யாருக்கு விற்கப்பட்டது என்பது தெரியும். கைத்தொழிலின் 400 கோடியில் 80 கோடி கைத்தொழிலுக்கே திரும்பிச் செல்கிறது, 120 கோடி சேவைத் துறைக்குச் செல்கிறது, மீதி 200 கோடி இறுதிக் கேள்விக்கு, அதாவது வீடுகள், அரசு, முதலீடு, ஏற்றுமதி ஆகிய இறுதிப் பயன்பாட்டுக்குச் செல்கிறது. ஒரு நிரலை மேலிருந்து கீழாக வாசித்தால் அந்தத் துறையின் செலவுப் பட்டியல் கிடைக்கும். கைத்தொழில் தனது 400 கோடி உற்பத்திக்காக உள்நாட்டில் 200 கோடிக்கும் வெளிநாட்டில் 120 கோடிக்கும் உள்ளீடு வாங்குகிறது. எஞ்சும் 80 கோடிதான் கூட்டிய பெறுமதி; அது சம்பளமாகவும் இலாபமாகவும் வரியாகவும் பிரிகிறது. நிரையின் மொத்தமும் நிரலின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லையென்றால் கணக்கை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அட்டவணையைத் திருத்துவது நல்லது.

அடுத்ததாக, ஒவ்வொரு நிரலையும் அதற்குரிய மொத்த உற்பத்தியால் வகுக்க வேண்டும். கைத்தொழில் நிரலில் 80, 120 ஆகியவற்றை 400 ஆல் வகுத்தால் 0.2, 0.3 கிடைக்கின்றன. சேவை நிரலில் 120, 180 ஆகியவற்றை 600 ஆல் வகுத்தாலும் அதே 0.2, 0.3 கிடைக்கின்றன. ஒரு ரூபா பெறுமதியான பொருளைச் செய்வதற்கு ஒவ்வொரு துறையிடமும் எத்தனை சதம் வாங்க வேண்டும் என்பதே இந்தக் குணகங்களின் பொருள்.

```
A = | 0.2  0.2 |
    | 0.3  0.3 |
```

மொத்த உற்பத்தியை x என்றும் இறுதிக் கேள்வியை f என்றும் எழுதினால், அட்டவணையின் மேலிரு நிரைகளும் சொல்வது, உற்பத்தியில் ஒரு பகுதி மற்ற உற்பத்திகளுக்குள் கரைகிறது, மீதி இறுதிக் கேள்விக்குச் செல்கிறது என்பதே. அதாவது x = Ax + f. தெரியாத x இரு பக்கமும் நிற்பதால் Ax ஐ இடப்பக்கம் கொண்டுவருகிறோம். தாயத்தை 1 என்ற எண்ணிலிருந்து கழிக்க முடியாது; ஆகவே x இன் இடத்தில் Ix என்று எழுதுகிறோம். அலகுத் தாயம் I இங்கே வருவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. அது ‘ஒவ்வொரு துறையும் செய்த முழு உற்பத்தி’யைக் குறிக்கிறது, அதிலிருந்து A ஐக் கழித்தால் துறைகளின் உள் நுகர்வு போக மிஞ்சுவது கிடைக்கிறது.

```
(I − A) x = f
x = (I − A)⁻¹ f
```

நமது எண்களில் I − A இன் முதல் நிரை 0.8, −0.2, இரண்டாம் நிரை −0.3, 0.7. துணிகோவை 0.8 × 0.7 − 0.2 × 0.3 = 0.5. இரண்டுக்கு இரண்டு தாயத்தின் நேர்மாறைக் காண்பதற்கு மூலைவிட்டத்தில் உள்ளவற்றை இடம் மாற்றி, மற்ற இரண்டின் குறியை மாற்றி, துணிகோவையால் வகுப்பது உயர்தர மாணவருக்குத் தெரிந்த வழிதான்.

```
(I − A)⁻¹ = | 1.4  0.4 |
            | 0.6  1.6 |
```

இறுதிக் கேள்வியான 200, 300 ஐ இதனால் பெருக்கினால் 1.4 × 200 + 0.4 × 300 = 400, 0.6 × 200 + 1.6 × 300 = 600 என்று பழைய மொத்த உற்பத்தியே திரும்பி வருகிறது. புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லையே என்று இந்தச் சோதனையை விட்டுவிடுபவர்கள் உண்டு. விடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விரிதாளில் குணகங்களைக் கணிக்கும்போது `=B2/B$6` என்று எழுத வேண்டிய இடத்தில் `=B2/$E2` என்று எழுதி, நிரலின் மொத்தத்துக்குப் பதிலாக நிரையின் மொத்தத்தால் வகுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நிகழும் தவறு. அப்படி வகுத்தால் இரு நிரைகளும் 0.2, 0.3 ஆகின்றன, துணிகோவை அப்போதும் 0.5 தான், நேர்மாறும் ஒழுங்காகவே கிடைக்கிறது. ஆனால் அதை இறுதிக் கேள்வியால் பெருக்கினால் 460, 560 என்று வரும். கூட்டுத்தொகை 1000 க்குப் பதிலாக 1020. இரண்டே சதவீத வித்தியாசம் என்பதால் மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் சந்தேகப்பட மாட்டார். துறை வாரியாக ஒப்பிட்டால்தான் பிழை வெளிப்படும்.

இனி, நேர்மாறுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கைத்தொழிலுக்கு 10 கோடி ரூபாவுக்கான புதிய கட்டளை ஒன்று வருகிறது என்க. முதலில் கைத்தொழில் 10 கோடிக்கு உற்பத்தி செய்ய வேண்டும். அதற்காக அது கைத்தொழிலிடம் 2 கோடிக்கும் சேவையிடம் 3 கோடிக்கும் வாங்குகிறது. ஆக இரண்டாம் சுற்றில் 5 கோடி உற்பத்தி எழுகிறது. அந்த 5 கோடியைச் செய்தவர்கள் தங்கள் பங்குக்கு மேலும் 1 கோடி, 1.5 கோடி என 2.5 கோடிக்கு வாங்குகிறார்கள். அடுத்த சுற்றில் 1.25 கோடி. சுற்றுகள் முடிவின்றிப் போனாலும் கூட்டுத்தொகை நின்றுவிடுகிறது: கைத்தொழிலில் 14 கோடி, சேவையில் 6 கோடி, மொத்தம் 20 கோடி. நேர்மாறின் முதல் நிரலில் இருந்த 1.4, 0.6 இவைதாம். எனவே (I − A)⁻¹ என்பது I + A + A² + A³ + … என்ற தொடரின் கூட்டுத்தொகை. அதன் ஒவ்வொரு நிரலும், ஒரு ரூபாக் கட்டளைக்காக நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் நடந்த கொள்வனவுகளின் மொத்தச் சீட்டு. (ஒவ்வொரு சுற்றும் சரியாகப் பாதியாகக் குறைவது நான் எண்களைத் தெரிந்தெடுத்த விதத்தால் வந்தது. உண்மையான அட்டவணையில் சுற்றுகள் குறையும். இப்படி அழகாகக் குறையாது.)

தொடர் நிற்பதற்கு ஒவ்வொரு துறையும் தான் செய்வதைவிடக் குறைவாகவே உள்ளீடாக விழுங்க வேண்டும். ரூபாவில் அமைந்த அட்டவணையில் ஒவ்வொரு நிரலின் கூட்டுத்தொகையும் 1 ஐவிடக் குறைவாக இருந்தால் அது போதும். இதைவிடப் பொதுவான நிபந்தனையை 1949 இல் டேவிட் ஹோக்கின்ஸ், ஹேர்பெர்ட் சைமன் ஆகிய இருவரும் எழுதினார்கள். அது மீறப்பட்டால் நேர்மாறில் மறை எண்கள் தோன்றும். ‘கட்டளை கூடியதால் உற்பத்தி குறைந்தது’ என்பது போன்ற அபத்தமான விடை வந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

இந்த முறையை உருவாக்கிய வசிலி லியொன்ரிஃப் ஐக்கிய அமெரிக்கப் பொருளாதாரத்துக்கான தமது முதல் அட்டவணையை 1936 இல் வெளியிட்டார். 1973 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றார். 1949 இல் அவரிடம் 500 துறைகளுக்கான தரவு இருந்தது. ஹார்வர்டின் மார்க் II கணினியால் அவ்வளவு பெரிய தொகுதியைத் தாங்க முடியாததால், அவர் அதை 42 சமன்பாடுகளாகச் சுருக்க நேர்ந்தது. அதைத் தீர்ப்பதற்கும் 56 மணித்தியாலங்கள் எடுத்தன. இன்று அதே வேலைக்குப் பைதன் மொழியில் ஐந்து வரிகள் போதும்.

```
import numpy as np
A = np.array([[0.2, 0.2], [0.3, 0.3]])
f = np.array([200, 300])
x = np.linalg.solve(np.eye(2) - A, f)
print(x)   # [400. 600.]
```

x மட்டும் வேண்டுமென்றால் நேர்மாறைத் தனியே காணாமல் இப்படிச் சமன்பாட்டை நேரடியாகத் தீர்ப்பதே விரைவானதும் துல்லியமானதும் ஆகும். ஆயினும் பொருளியலாளர் நேர்மாறையே விரும்புவதற்குக் காரணம், அதன் நிரல்களை வாசிக்க முடிவதுதான். அந்த வாசிப்பில்தான் நானும் தவறினேன்.

மேலே உள்ள A இல் உள்நாட்டில் வாங்கியவை மட்டுமே உள்ளன. இறக்குமதி தனி நிரையாகக் கீழே நிற்கிறது. எல்லா அட்டவணைகளும் இப்படிக் கிடைப்பதில்லை. பலவற்றில், ஒரு தொழிற்சாலை வாங்கிய துணி உள்நாட்டுத் துணியா, கப்பலில் வந்த துணியா என்று பிரிக்காமல் ‘துணி’ என்று ஒரே கலத்தில் போட்டுவிடுவார்கள். தொழில்நுட்பத்தை அறிய விரும்புபவருக்கு அது சரி; ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பது அந்தத் துணி எங்கே நெய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது அல்ல. ஆனால் நாட்டுக்குள் எவ்வளவு உற்பத்தி எழும் என்று கேட்பவருக்கு அது முற்றிலும் பிழையான தாயம்.

நமது கணக்கில் இறக்குமதி உள்ளீடுகள் யாவும் கைத்தொழில் பொருள்கள் (எரிபொருள், துணி, இரசாயனம்) என்று வைத்துக்கொண்டு, அவற்றைக் கைத்தொழில் நிரையோடு சேர்த்துவிடுவோம். கைத்தொழிலின் ஒரு ரூபாவுக்கு இறக்குமதி 0.3, சேவையின் ஒரு ரூபாவுக்கு 0.1. எனவே முதல் நிரை 0.5, 0.3 ஆகிறது, இரண்டாம் நிரை மாறவில்லை. துணிகோவை 0.26 ஆகச் சுருங்குகிறது. நேர்மாறின் முதல் நிரல் ஏறத்தாழ 2.69, 1.15 ஆக வீங்குகிறது. 10 கோடிக் கட்டளை 20 கோடி உற்பத்தியைத் தூண்டுவதற்குப் பதிலாக 38.5 கோடியைத் தூண்டுவதாகத் தோன்றுகிறது. நான் கருத்தரங்கில் காட்டிய ‘ஏறத்தாழ நான்கு மடங்கு’ பிறந்தது இவ்விதம்தான். வெளிநாட்டு ஆலையில் நெய்த துணியைக் கணக்கு இங்கே நெய்ததாக எடுத்துக்கொள்கிறது; அதற்குரிய மின்சாரமும் லொறியும் கூட இங்கே ஓடியதாகக் கூட்டிக்கொள்கிறது.

அந்த ஆசிரியர் எந்த அட்டவணையையும் பார்க்காமலே பிழையைப் பிடித்ததற்கு ஒரு கணித நியாயம் உண்டு. ஒரு ரூபா உற்பத்தியில் கூட்டிய பெறுமதி கைத்தொழிலில் 0.2, சேவையில் 0.4. இவற்றால் பிழையான நேர்மாறின் முதல் நிரலைப் பெருக்கிக் கூட்டினால் 0.2 × 2.69 + 0.4 × 1.15, விடை 1. இது தற்செயல் அல்ல. இறக்குமதியைத் தாயத்துக்குள் போட்டுவிட்டால், ஒவ்வொரு நிரலிலும் உள்ளீடு போக மிஞ்சுவது கூட்டிய பெறுமதி மட்டுமே. ஆகவே எந்த எண்களை வைத்தாலும், எந்தத் துறையை எடுத்தாலும் விடை 1 ஆகவே வரும். தேயிலைக்கும் 1, ஆடைக்கும் 1, எரிபொருளுக்கும் 1. எல்லாத் துறைகளுக்கும் கூட்டிய பெறுமதிப் பெருக்கி 1 ஆகவே வருவதைக் கண்டால், தாயத்தில் இறக்குமதி கலந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

சரியான தாயத்தில் அதே கணக்கைப் போட்டால், கைத்தொழில் கட்டளையின் ஒரு ரூபாவில் 0.2 × 1.4 + 0.4 × 0.6 = 0.52 உள்நாட்டு வருமானமாக நிற்கிறது. இறக்குமதிக்கு 0.3 × 1.4 + 0.1 × 0.6 = 0.48 போகிறது. இரண்டையும் கூட்டினால் 1. இங்கே அந்த ஒன்று இரண்டு பங்காகப் பிரிந்திருக்கிறது என்பதே வித்தியாசம். தொழிற்சாலையின் பேரேட்டைப் பார்த்தால் இறக்குமதி 30 சதம் மட்டுமே தெரியும். மீதி 18 சதம் மின்நிலையத்தின் எரிபொருளாகவும், லொறியின் டீசலாகவும், உள்நாட்டு வழங்குநர் வாங்கிய மூலப்பொருளாகவும் மறைந்து போகிறது. சேவைக்கான இறுதிக் கேள்வியில் இறக்குமதி 28 சதம்தான். 72 சதம் உள்ளே நிற்கிறது.

ஆனால் இறக்குமதியைப் பிரித்துவிட்டதோடு வேலை முடிவதில்லை. பிரிக்கும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. எந்தத் தொழிற்சாலை எந்தத் துணியை எங்கிருந்து வாங்கியது என்பது சுங்கப் பதிவில் முழுமையாகத் தெரியாதபோது, அட்டவணை தயாரிப்பவர்கள் ஒரு பொருளின் மொத்த வழங்கலில் இறக்குமதி எத்தனை சதவீதமோ அதே சதவீதத்தையே அந்தப் பொருளை வாங்கிய எல்லாருக்கும் பகிர்ந்துவிடுவார்கள். வேறு தரவு இல்லாதபோது அது நியாயமான வழிதான். ஆனால் இலங்கையின் ஏற்றுமதி ஆடைத் தொழில் வெளிநாட்டுத் துணியில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, புறக்கோட்டையில் துணி வாங்கித் தைக்கும் தையற்கடைக்கும் கட்டுநாயக்காவில் ஏற்றுமதிக்குத் தைக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே சராசரியைப் போடுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

அதையும் எண்ணில் பார்ப்போம். கைத்தொழிலின் பாதி ஏற்றுமதிக்கும் பாதி உள்நாட்டுக்கும் வேலை செய்கிறது என்க. ஏற்றுமதிப் பாதியின் இறக்குமதிக் குணகம் 0.5, உள்நாட்டுப் பாதியின் குணகம் 0.1, சராசரி அதே 0.3. கூட்டிய பெறுமதி இரண்டிலும் 0.2 என்றே வைப்போம். அப்படியானால் ஏற்றுமதிப் பாதி உள்நாட்டில் வாங்குவது 0.3 மட்டுமே, அது கைத்தொழிலிடம் 0.12, சேவையிடம் 0.18 எனப் பிரிவதாகக் கொள்வோம். அந்த உள்நாட்டு உள்ளீடுகளுக்குப் பழைய சராசரிகளான 0.48, 0.28 ஐயே வைத்தால், ஒரு ரூபா ஏற்றுமதிக்கான இறக்குமதி 0.5 + 0.12 × 0.48 + 0.18 × 0.28, அதாவது ஏறத்தாழ 0.61. பத்துக் கோடிக் கட்டளையில் உள்ளே நிற்பது 5.2 கோடி என்று சராசரி அட்டவணை சொன்னது. இந்தக் கணக்கின்படி நிற்பது ஏறத்தாழ 3.9 கோடி. அட்டவணையின் எல்லாக் கூட்டுத்தொகைகளும் சரியாகவே இருக்கும். 400, 600 திரும்பி வரும் சோதனையும் வெற்றி பெறும். இந்தப் பிழையை எந்தக் கணிதச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குத் தனி நிரலும் தனி நிரையும் கொடுத்து, இரண்டு துறையை மூன்றாக்குவதுதான் ஒரே வழி.

மாதிரி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. கேள்வி எழுந்தால் உற்பத்தி தானாகப் பின்தொடரும், உள்ளீடு எப்போதும் கிடைக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அறிவித்த காலத்தில், எரிபொருள் நிலையங்களின் முன்னால் நின்ற வரிசைகள் அந்த எடுகோளின் மறுபக்கம். அப்போது தட்டுப்பாடாக இருந்தது டொலர். அத்தகைய நிலையில் நேர்மாறை மறுதலையாக வாசிக்கலாம். நமது அட்டவணையில் இறுதிக் கேள்வி முழுவதற்கும் தேவைப்படும் இறக்குமதி 0.48 × 200 + 0.28 × 300 = 180 கோடி. இது 90 கோடியாகக் குறைய வேண்டுமென்றால், சேவைக்கான இறுதிக் கேள்வி 300 கோடியையும் முற்றாக நிறுத்தினால்கூட மிச்சமாவது 84 கோடிதான். கைத்தொழில் பக்கத்தில் வெட்டாமல் முடியாது. அங்கேயும் ஏற்றுமதியை வெட்டுவதில் பயனில்லை. ஒரு ரூபா ஏற்றுமதி 48 சதம் டொலரைத் தின்றாலும் 100 சதத்தைக் கொண்டுவருகிறது. ஒரு ரூபா ஏற்றுமதிக்கான இறக்குமதியை 0.61 என்று திருத்திய பின்னரும் அது நிகர வரவுதான்.

இந்த இடத்துக்கு அப்பால் மாதிரியை இழுக்க நான் தயங்குவேன். டீசல் பாதியானால் உற்பத்தியும் சரியாகப் பாதியாகும் என்று நிலையான குணகங்கள் சொல்கின்றன. உண்மையில் ஒரு தொழிற்சாலை இரவு வேலைமுறையை நிறுத்தும், இன்னொன்று விறகுக் கொதிகலனுக்கு மாறும், மூன்றாவது ஒரேயொரு சாயம் வராததால் முழுதாகவே மூடும். A இல் உள்ள 0.3 அந்த மூன்றையும் சேர்த்து எடுத்த கடந்த ஆண்டின் சராசரி. மூன்றும் அந்த ஆண்டைப் போலவே நடந்துகொண்டால் மட்டுமே நேர்மாறு சொல்லும் எண் சரியாக இருக்கும்.